"இன்னைக்கு தானே சார் நாளைக்கு?"

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, சரியா சொன்னா சனிக்கிழமை பொறந்து இருபது நிமிஷம் ஆனப்புறம், ஒருத்தர் ஸ்கேன் சென்டர்ல நேரம் புக் பண்ற எங்க சாட்பாட்டுக்கு வாட்ஸப்ல மெசேஜ் போடறார், "நாளைக்கு சாயங்காலம் அம்மாவ கூட்டிட்டு வரலாமா". பாட் உடனே பதில் சொல்லுது, ஞாயிறு விடுமுறை, திங்கள் மாலை 6 மணிக்குப் பதிவு செய்யவான்னு. மனுஷன் தூக்கக் கலக்கத்துல என்னத்தப் படிச்சாரோ, "ok"ன்னு போட்டுட்டு படுத்துட்டார். சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு, மூட்டு வலியோட அம்மாவ ஆட்டோல ஏத்திக்கிட்டு வந்து நிக்கறார். லிஸ்ட்ல பேரு இல்ல. ரிசப்ஷன்ல இருக்கற அக்கா "உங்களுக்கு திங்கக்கிழமை போட்டிருக்கே சார்"னு சொன்னதும் அவர் கேட்டது தான் தலைப்பு. இன்னைக்கு தானே சார் நாளைக்கு?

அவர் சொன்னதுல ஒரு தப்பும் இல்ல. தூங்கி எந்திரிக்கற வரைக்கும் யாருக்குமே அடுத்த நாள் ஆரம்பிக்காது. ராத்திரி பன்னெண்டரைக்கு முழிச்சிருக்கறவன் இன்னும் நேத்துல தான் இருக்கான்.

இதுல கொடுமை என்னன்னா அதுக்கு முந்தின வாரம் வரைக்கும் இதே மாதிரி மெசேஜ் எல்லாத்துக்கும் பாட் சரியா தான் பதில் சொல்லிட்டு இருந்துச்சு. நான் ஒரு பக்-ஐ சரி பண்ணதுக்கு அப்புறம் தான் இது கெட்டுப் போச்சு. அந்தக் கதைக்கு அப்புறம் வர்றேன், முதல்ல எங்க, என்ன பாட்னு சொல்லிடறேன்.

திருச்சில ஒரு ஸ்கேன் சென்டர், கூடவே ரத்தப் பரிசோதனை லேபும் உண்டு. காலைல 7ல இருந்து 1 வரைக்கும், அப்புறம் சாயந்தரம் 4ல இருந்து எட்டரை வரைக்கும். ஞாயிறு லீவு. அவங்களுக்கு வாட்ஸப்ல அப்பாயின்ட்மென்ட் எடுக்கற பாட் செஞ்சு குடுக்கற வேலை எனக்கு வந்துச்சு. எந்த டெஸ்ட், யாருக்கு, எப்போ, இந்த மூணு தான் பாட் தெரிஞ்சுக்கணும். முதல் ரெண்டு ஒரு வாரத்துல முடிஞ்சுது. "எப்போ"ங்கற ஒத்த வார்த்தை என்னைய ஏழெட்டு மாசம் ஓட்டிருச்சு.

ஏன்னா யாரும் 17:30ன்னு எழுத மாட்டாங்க. வர்ற மெசேஜ் இந்த லட்சணத்துல இருக்கும்:

```
tmrw evng free ah
nalaiku sayandram 5 ku mela
நாளைக்கு சாயங்காலம் வரலாமா
mathiyam saptutu varen
நாளன்னைக்கு காலைல வெறும் வயித்துல
```

எழுத்து முறை பிரச்சனைய சுருக்கமா தாண்டிடறேன், அது போரடிக்கற வேலை. சாயங்காலம்ங்கற ஒரு வார்த்தைய மட்டும் மக்கள் இங்கிலீஷ் எழுத்துல பத்து பன்னெண்டு விதமா அடிப்பாங்க, எல்லாத்தையும் ஒரு பட்டியல்ல போட்டு ஒரே வார்த்தையா மாத்திக்கணும், அவ்ளோ தான். கஷ்டம் அதுக்கு அப்புறம் தான் ஆரம்பிக்குது, வார்த்தை புரிஞ்சிருச்சு, ஆனா அதுக்கு மணி என்ன?

முதல் வெர்ஷன்ல நான் சோம்பேறித்தனமா ஒரு வேலை பண்ணேன். இந்த மாதிரி நேர வார்த்தைகள மணியா மாத்தறதுக்குன்னே ஃபேஸ்புக் வெளியிட்ட டக்ளிங்னு ஒரு லைப்ரரி இருக்கு, ஹாஸ்கெல்ல எழுதினது, ரொம்ப பேர் யூஸ் பண்றது தான். நல்ல சரக்கு, குறை சொல்ல மாட்டேன். நம்ம சாயங்காலத்த "evening"ன்னு மாத்தி அதுக்கிட்ட குடுத்தேன். அது 18:00ல இருந்து 24:00 வரைக்கும்னு ஒரு இடைவெளி குடுக்கும். நான் அந்த இடைவெளியோட ஆரம்பத்த மட்டும் எடுத்து ஆறு மணின்னு வெச்சுக்கிட்டேன், அந்த ஸ்லாட் காலியா இருந்தா புக் பண்ணு, இல்லன்னா அதுக்கு அடுத்தத காட்டு.

ரெண்டு வாரம் கழிச்சு அக்கா ஃபோன் பண்ணாங்க. "தம்பி, உங்க பாட்டு எல்லாரையும் ஆறு மணிக்கு வர சொல்லுதுப்பா, நாலு மணிலருந்து ஆறு மணி வரைக்கும் டெக்னீஷியன் ஈ ஓட்டிட்டு உக்காந்திருக்காரு, ஆறு மணிக்கு மேல பெஞ்சுல எடம் இல்ல." போய் பாத்தேன், நெசம் தான். இந்த மாதிரி பாட் வெச்சிருக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், உங்க புக்கிங் எல்லாத்தையும் மணி வாரியா ஒரு கிராஃப் போட்டுப் பாருங்க, ஏதாவது ஒரு முழு மணி மட்டும் பனைமரம் மாதிரி நிமிந்து நின்னுச்சுன்னா அது மக்கள் விரும்பின நேரம் இல்ல, உங்க கோட் தேர்ந்தெடுத்த நேரம்.

இதுல நான் ரெண்டு தப்பு பண்ணிருந்தேன். முதல் தப்பு, evening வேற, நம்ம சாயங்காலம் வேற. பள்ளிக்கூடம் விட்டு பிள்ளைங்க வர்ற நாலரை மணியே நமக்கு சாயங்காலம் தான், காபி போடற நேரம். அதே மாதிரி எட்டு மணிய யாரும் சாயங்காலம்னு சொல்ல மாட்டோம், அது ராத்திரி. இதுல ஒரு வேடிக்கை, பழைய இலக்கணத்துல ஒரு நாள ஆறு சிறுபொழுதா பிரிச்சிருப்பாங்கல்ல, ஒவ்வொண்ணும் பத்து நாழிகை, அதாவது 4 மணி நேரம். அதுல மாலைங்கறது பொழுது சாஞ்சு 6 மணிக்கு ஆரம்பிச்சு 10 மணி வரைக்கும் போகும், அதுக்கு முன்னாடி இருக்கற 2ல இருந்து 6க்குப் பேரு எற்பாடு. அந்தக் கணக்குப்படி பாத்தா ஆறு மணிக்கு ஆரம்பிச்ச என்னோட பாட் தான் சரி, அக்கா தான் தப்பு. ஆனா எற்பாட்டுக்கு வர்றேன்னு எந்த பேஷண்டும் மெசேஜ் போடல.

ரெண்டாவது தப்பு தான் பெருசு. ஒருத்தர் பட்டும் படாம ஒரு இடைவெளி குடுத்தா நான் அத அவசர அவசரமா ஒரு புள்ளியா மாத்திட்டேன். அவர் சாயங்காலம்னு சொன்னது ஆறு மணிய மறைச்சு வெச்சு சொன்ன விடுகதை இல்ல. அவருக்கே இன்னும் மணி முடிவாகல, அந்தப் பக்கம் எந்த நேரம் குடுத்தாலும் சமாளிச்சுக்குவேன்னு தான் அர்த்தம். அத அப்படியே இடைவெளியாவே கடைசி வரைக்கும் கொண்டு போகணும், காலியா இருக்கற ஸ்லாட்டு மேல போர்த்திப் பாக்கற அந்த நிமிஷத்துல தான் மணியா மாறணும். நேர வார்த்தைகள குறிச்சு வெக்கறதுக்கு டைம்எம்எல்னு ஒரு முறை ரொம்ப நாளா இருக்கு, அதுல நாளைக்கு சாயங்காலத்த இப்படி தான் எழுதுவாங்க:

```
2024-06-15TEV
```

தேதி திட்டமா இருக்கு, அதுக்கு அப்புறம் மணி இல்ல, EVன்னு ரெண்டு எழுத்து மட்டும். தெரியாதத தெரியாததாவே விட்டு வெக்கறாங்க. இத முன்னாடியே படிச்சிருந்தா அக்காவோட ஃபோன தவிர்த்திருக்கலாம்.

சரி, EVன்னு விட்டாச்சு, அதுக்குள்ள எது எவ்ளோ சாயங்காலம்? இங்க ஒரு பழைய ஆராய்ச்சி ஞாபகம் வருது. ஸ்காட்லாந்துல அபர்தீன் பல்கலைக்கழகத்துல எகுட் ரைட்டர், சோமயாஜுலு ஸ்ரீபதான்னு ரெண்டு பேர், வட கடல் எண்ணெய் மேடைகளுக்கு வானிலை அறிக்கைய தானா எழுதற சாஃப்ட்வேர் செஞ்சாங்க. அதுக்காக அஞ்சு வானிலை நிபுணர்கள் எழுதின அறிக்கைகளயும் அதுக்குப் பின்னாடி இருக்கற எண்களையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒப்பிட்டுப் பாத்தாங்க. "by evening"னு எழுதினா சிலருக்கு அது சாயங்காலம் 6 மணி, வேற சிலருக்கு நடுராத்திரி 12 மணி. 2002ல கட்டுரையா வந்துச்சு. ஒரே வேலைய பாக்கறவங்க, ஒரே வாசகர்களுக்கு எழுதறவங்க, அவங்களுக்குள்ளயே 6 மணி நேரம் வித்தியாசம். அப்ப உறையூர்ல ஒரு பாட்டியும் ஐடி கம்பெனிப் பையனும் ஒரே சாயங்காலத்த சொல்லணும்னு நான் எதிர்பாத்தது என் தப்பு.

அவங்க பண்ண வேலையத் தான் நானும் சின்ன அளவுல பண்ணேன். அக்காக்கிட்ட அப்பாயின்ட்மென்ட் நோட்டு இருந்துச்சு, பழைய வாட்ஸப் சாட்டும் இருந்துச்சு. பாட் வர்றதுக்கு முன்னாடி மூணு மாசம், ஆளு என்ன வார்த்தை சொன்னார், அக்கா எந்த நேரம் குடுத்தாங்க, அவர் ஒத்துக்கிட்டாரா, இல்ல "கொஞ்சம் முன்னாடி கெடைக்குமா"ன்னு கேட்டாரா, இத எல்லாம் ஒரு ஷீட்ல ஏத்தினேன். பேர், நம்பர் எல்லாம் எடுத்துட்டு தான். சாயங்காலம்னு கேட்டவங்க அஞ்சுல இருந்து ஆறரைக்குள்ள எது குடுத்தாலும் பேசாம வாங்கிக்கிட்டாங்க, நாலு மணி குடுத்தா பாதிப் பேர் "வெயிலா இருக்கும்"னு தயங்கினாங்க, ஏழரைக்கு மேல குடுத்தா "லேட்டாயிருமே"ன்னு இழுத்தாங்க. அத வெச்சு ஒரு சின்ன அட்டவணை:

```
16:00  0.5
16:30  0.8
17:00  1.0
18:30  1.0
19:00  0.7
19:30  0.4
20:00  0.2
```

இடைப்பட்ட நேரத்துக்கு ரெண்டு பக்கத்து எண்ணுக்கும் நடுவுல நேர்கோடு போட்டுக்க வேண்டியது. இது ஒண்ணும் ராக்கெட் விஞ்ஞானம் இல்ல, எது எவ்ளோ தூரம் "சாயங்காலம்"ங்கற பேருக்குப் பொருந்துதுன்னு ஒரு மார்க், அவ்ளோ தான். ஆரம்பத்துல சொன்ன மெசேஜையே எடுத்துக்குவோம், சனிக்கிழமைனு நாள் முடிவாயிருச்சுன்னு வெச்சுக்கங்க. அன்னைக்கு காலியா இருக்கறது 4:00, 4:30, 6:45, 7:45. மார்க் போட்டா 4:00க்கு 0.5, 4:30க்கு 0.8, 6:45க்கு 0.85, 7:45க்கு 0.3. பாட் அதிகமா இருக்கற ரெண்ட மட்டும் காட்டும், 6:45, 4:30. ரெண்டும் தள்ளித் தள்ளி இருக்கறது நல்லது, ஏன்னா அவர் எதைத் தொடறார்ங்கறதுலயே அவரோட சாயங்காலம் முன் சாயங்காலமா பின் சாயங்காலமான்னு தெரிஞ்சிரும். அதே ஆளு "5 மணிக்கு மேல"ன்னு ஒரு வார்த்தை சேத்திருந்தா 4:00, 4:30 ரெண்டும் பூஜ்யம் ஆயிரும். "5 மணி வாக்குல"ன்னா வேற, அதுக்கு முன்ன பின்ன அரை மணி நேரம் தரணும். மேல, உள்ள, வாக்குல, போல, இந்த நாலு ஒட்டு வார்த்தைகளுக்கும் தனித்தனி விதி போட்டதுலயே பாதிக் குழப்பம் தீந்துருச்சு.

மார்க் 0.3க்கும் கீழ இருக்கறது மட்டும் தான் காலின்னா, பாட் அத சாயங்காலம்ங்கற பேர்ல தள்ளி விடக் கூடாது. "சாயங்காலம் நிரம்பிருச்சு, கொஞ்சம் லேட்டா 8 மணிக்கு இருக்கு, பரவால்லயா"ன்னு ஒத்துக்கிட்டுக் கேக்கணும். எட்டு மணிய சாயங்காலம்னு சொல்லி வித்தா ஜனங்க கடுப்பாயிடறாங்க, லேட்டுன்னு ஒத்துக்கிட்டா "சரி பரவால்ல"ன்னு வந்துடறாங்க. ஏன்னு எனக்கு தனியா விளக்கத் தேவையில்ல, நானும் அப்படி தான்.

அடுத்தது மதியச் சாப்பாடு. இது தான் எனக்கு ரொம்ப பிடிச்ச ஏரியா, ரொம்ப அடி வாங்கின ஏரியாவும் கூட.

"மதியம் சாப்ட்டுட்டு வர்றேன்". டக்ளிங்ல இங்கிலீஷ் "after lunch"க்கு மதியம் 1ல இருந்து 5 வரைக்கும்னு போட்டிருப்பாங்க. ஒரு ஆரம்பமும் வெச்சு ஒரு முடிவும் வெச்சிருக்காங்க பாருங்க, அது புத்திசாலித்தனம். சாப்பிட்டப்புறம்னா வார்த்தைப்படி பாத்தா ராத்திரி எட்டு மணியும் சாப்பிட்டப்புறம் தான், ஆனா அத எவனும் ஏத்துக்க மாட்டான். அந்த வார்த்தைக்கு ஒரு காலாவதி இருக்கு. சரி, ஆரம்பம் எப்போ? ஆபீஸ்ல இருந்து வர்றவருக்கு ரெண்டு மணி. வீட்டுல இருக்கற அம்மாவுக்கு அவங்க சாப்ட்ட நேரம் கணக்கில்ல, எல்லாருக்கும் போட்டு, தானும் சாப்ட்டு, பாத்திரம் கழுவி வெச்சு கெளம்ப மூணு மணி ஆயிரும். அதுக்கும் மேல எங்க சென்டர் 1ல இருந்து 4 வரைக்கும் மூடியிருக்கும். அதனால இந்த வார்த்தைல முக்கால்வாசி நேரம் கடை பூட்டின நேரத்துல போய் விழுது.

பழைய பாட் இதுக்கு "அந்த நேரத்தில் இடம் இல்லை"ன்னு சொல்லிட்டு நின்னுரும். தப்பு இல்ல, ஆனா உபயோகமும் இல்ல. இதே மெசேஜுக்கு அக்கா என்ன எழுதிருக்காங்கன்னு பழைய சாட்ல பாத்தேன். "4 மணிக்கு தான் திறப்போம் மா, முதல் டோக்கன் போடவா". அவங்க கேட்டவங்களோட மனசுல இருக்கற திசைய புடிச்சுக்கிட்டாங்க, சாப்ட்டதும் எவ்ளோ சீக்கிரம் முடியுமோ அவ்ளோ சீக்கிரம்ங்கறது தான் அந்தத் திசை. அதனால இப்ப பாட்ல சாப்பிட்டப்புறத்துக்கு மார்க் அட்டவணை கிடையாது, 1:30க்கு மேல கெடைக்கற முதல் ஸ்லாட்னு ஒரே விதி, 5 மணியோட அது முடிஞ்சிரும்.

இத முடிச்சு நிம்மதியா இருந்தப்ப தான் ஒரு லேப் டெக்னீஷியன் கேட்டார், "ஏன் சார், சர்க்கரை டெஸ்ட்டுக்கு சாப்பிட்டப்புறம்னு கேட்டவங்களுக்கு எல்லாம் 4 மணி போட்டு விட்டிருக்கு?" அப்ப தான் உறைச்சுது. லேப்ல சாப்பிட்டப்புறம்ங்கறது நேரம் இல்ல, டெஸ்ட்டோட பேரு. சர்க்கரைக்கு ரெண்டு ரத்தம் எடுப்பாங்க, ஒண்ணு குறைஞ்சது 8 மணி நேரம் எதுவும் சாப்பிடாம வெறும் வயித்துல, இன்னொண்ணு சாப்பிட ஆரம்பிச்சதுல இருந்து சரியா 2 மணி நேரம் கழிச்சு. "காலைல வெறும் வயித்துல ஒண்ணு, சாப்பிட்டப்புறம் ஒண்ணு"ன்னு ஒருத்தர் போட்டா அவர் ரெண்டு புக்கிங் கேக்கறார், ரெண்டாவது முதலாவதோட கட்டி வெச்சது. 7:30க்கு ரத்தம் குடுத்து, 8 மணிக்கு இட்லி சாப்ட ஆரம்பிச்சா 10 மணிக்கு அடுத்த ஊசி. அங்க சாப்பாடுன்னா காலைச் சாப்பாடு, மதியம் இல்லவே இல்ல. அவருக்கு சாயங்காலம் நாலு மணி குடுத்தா அந்த டெஸ்ட்டே வீண்.

வயித்து ஸ்கேன் இதுக்கு நேர் தலைகீழ். சாப்ட்டா பித்தப்பை சுருங்கிரும், சரியா தெரியாது, அதனால 6 மணி நேரமாவது சாப்பிடாம வரணும். வயித்து ஸ்கேனுக்கு "மதியம் சாப்ட்டுட்டு வர்றேன்"னு சொன்னா பாட் நேரம் பாக்கவே கூடாது, சாப்பிடாம வரணும்னு சொல்லி காலை ஸ்லாட்ட காட்டணும். இதுல இருந்து கோட்ல ஒரு வரிசைய மாத்தினேன், முன்னாடி நேரத்தப் புரிஞ்சுக்கிட்டு அப்புறம் டெஸ்ட்டக் கேப்போம், இப்ப டெஸ்ட் என்னன்னு தெரியாம சாப்பாடுங்கற வார்த்தைய பாட் தொடவே தொடாது. கை எக்ஸ்ரேக்கு வர்றவர் சொல்ற சாப்பாடு வேற, சர்க்கரைக்கு வர்றவர் சொல்ற சாப்பாடு வேற.

நடுவுல ஒண்ணு சொல்லணும். கேக்கறதுக்கு மொட்டையா இருக்கும், ஆனா உண்மைல நிமிஷம் பிசகாத வார்த்தைகளும் வரும். "செவ்வாக்கெழம ராகு காலம் முடிஞ்சு வர்றோம்"னு ஒரு அம்மா போட்டாங்க. பாட் முழிச்சுது. ஆனா இத விட துல்லியமா ஒருத்தர் நேரம் சொல்லவே முடியாது, காலண்டர்ல போட்டிருக்கற செவ்வாய் ராகு காலம் 3:00 - 4:30, அப்ப 4:30க்கு மேல. ஏழு நாளைக்கும் ஏழு வரி, பத்து நிமிஷ வேலை. ரம்ஜான் மாசத்துல "நோன்பு தொறந்துட்டு வர்றேன்"னு வந்துச்சு, அது அன்னைக்கு சூரியன் மறையற நேரத்தோட கட்டினது, அதுக்கு மேல முக்கா மணி நேரம் சேத்து வெச்சோம், சாப்பிட்டு தொழுதுட்டு வரணுமில்ல. எந்த வெளிநாட்டு லைப்ரரிலயும் இதெல்லாம் இருக்காது, தெருவுல இருக்கறவங்க தான் எழுதிக்கணும்.

சரி, நடுராத்திரிக் கதைக்கு வர்றேன்.

சர்வர் ஓடினது யூடிசி நேரத்துல. நம்ம நேரம் அத விட ஐந்தரை மணி நேரம் முன்னாடி. நான் டைம்ஸோன் போட மறந்துட்டேன், பாட் இன்னைக்கு என்ன தேதின்னு சர்வர்கிட்ட கேட்டுக்கிட்டு இருந்துச்சு. பகல்ல யாருக்கும் வித்தியாசம் தெரியல, ஏன்னா காலை ஐந்தரைக்கு மேல ராத்திரி பன்னெண்டு வரைக்கும் ரெண்டு இடத்துலயும் ஒரே தேதி தான். பிரச்சனை விடியக்காலைல வந்துச்சு. வாக்கிங் போற ஒரு பெரியவர் காலைல 5 மணிக்கு "இன்னைக்கு சாயங்காலம்"னு போட்டார், சர்வர்ல அது முந்தின நாள் ராத்திரி 11:30, அதனால பாட் முடிஞ்சு போன நாள எடுத்துக்கிட்டு "அந்த நேரம் கடந்துவிட்டது"ன்னு சொல்லிருச்சு. இருட்டு கூட பிரியல, அவருக்கு சாயங்காலம் கடந்து போச்சாம். நான் ஆகான்னு டைம்ஸோன சரி பண்ணேன், `Asia/Kolkata`ன்னு ஒரு வரி. கோட் டெஸ்ட் எல்லாம் பச்சை. சந்தோஷமா தூங்கினேன்.

நான் கவனிக்காதது என்னன்னா, நடுராத்திரி 12:20க்கு நாளைக்குன்னு சொன்னவருக்கு அந்தத் தப்பான கடிகாரம் தான் சரியா இருந்துச்சு. சனி 12:20 சர்வர்ல வெள்ளி சாயங்காலம் 6:50. வெள்ளிக்கு நாளைக்கு சனி. அவர் மனசுல இருந்ததும் சனி. நான் கடிகாரத்த திருத்தினதும் பாட் சனிக்கு வந்துருச்சு, நாளைக்குன்னா ஞாயிறு ஆயிருச்சு, ஞாயிறு லீவுன்னு திங்களுக்கு தள்ளி விட்டுருச்சு. ஒரு தப்பு இன்னொரு தப்ப மறைச்சு வெச்சிருந்துச்சு.

அப்ப யூடிசிக்கே திரும்பிடலாமான்னா அந்த வாக்கிங் பெரியவர் அடிப்பார். அவர் தூங்கி எந்திரிச்சுட்டார், அவருக்கு நாள் பொறந்தாச்சு. 12:20க்கு முழிச்சிருக்கறவர் இன்னும் படுக்கல. 3 மணிக்கு மெசேஜ் போடறவர் எந்த வகைன்னு எனக்கு எப்படித் தெரியும், நைட் டியூட்டி நர்ஸா, தூக்கம் வராதவரா? நாலு மணிய எல்லையா வெச்சு அதுக்கு முன்னாடி எல்லாம் முந்தின நாள்னு ஒரு விதி எழுதிப் பாத்தேன், மனசு ஒப்பல. கடைசில பாட் யூகிக்கறதயே விட்டுட்டேன். 12ல இருந்து 5 வரைக்கும் வர்ற மெசேஜ்ல இன்னைக்கு, நாளைக்கு ரெண்டுல எது இருந்தாலும் கெழமையச் சொல்லிக் கேக்கும். "சனியா, ஞாயிறா?" ரெண்டு பட்டன். ஒரு பக்கம் லீவு நாளா இருந்தா அந்தப் பட்டனே வேண்டாம்னு நெனைக்கத் தோணும், ஆனா லீவுன்னு எழுதி காட்டறது நல்லது, ஏன்னா அவர் நெஜமாவே ஞாயிறு நெனச்சிருந்தா அங்கயே தெரிஞ்சுக்குவார்.

பட்டன்னு சொன்னதும் இன்னொரு எரிச்சல். வாட்ஸப்ல ஒரு மெசேஜுக்கு 3 பட்டன் தான், ஒவ்வொரு பட்டன்லயும் 20 எழுத்து தான், அதுலயும் நம்ம கொம்பு, கால், புள்ளி எல்லாத்தையும் அது தனித்தனி எழுத்தா எண்ணும். "சனி சாயங்காலம் 5:30" 19 எழுத்து, பொழைச்சுது. "செவ்வாய் சாயங்காலம் 5:30" 24, பட்டனே போகாது. சனிக்கிழமை டெஸ்ட் பண்ணிட்டு சந்தோஷமா லைவ்ல விட்டவன், செவ்வாக்கிழமை தான் கண்டுபுடிச்சேன். இப்ப சாயங்காலத்த எடுத்துட்டு "செவ்வாய் மாலை 5:30", 18 எழுத்து. எற்பாடுன்னு போட்டா 21, அடங்காது, அடங்கினாலும் அக்கா ஒத்துக்க மாட்டாங்க.

எல்லா உறுதி மெசேஜ்லயும் கெழமை, தேதி, மணி மூணும் இருக்கணும்னு அதுக்கப்புறம் வெச்சுட்டேன், நாளைக்குங்கற வார்த்தைய பாட் தன் வாயால சொல்லவே கூடாது. ஆளு நாளைக்குன்னு சொல்லட்டும், பதில் "சனி, ஜூன் 15, மாலை 5:30". இருந்தாலும் அந்த ஆட்டோ மனுஷர் மாதிரி தூக்கத்துல ok போடறவங்கள இதால காப்பாத்த முடியாது. அதுக்கு காலைல 8 மணிக்கு ஒரு நினைவூட்டல், ராத்திரி புக் பண்ணவங்களுக்கு மட்டும். பகல்ல முழிச்சுக்கிட்டு படிச்சா தப்பு கண்ல படும்.

இவ்ளோ ஆனப்புறம் எனக்கு ஆசை வந்துச்சு, இந்த மார்க் அட்டவணைய கையால போடாம பாட் தானா கத்துக்கட்டுமே, யாரு என்ன சொல்லி எத தேர்ந்தெடுத்தாங்கன்னு லாக் இருக்கே. ஒரு மாசம் ஓட விட்டேன். சாயங்காலத்தோட மார்க் எல்லாம் மெல்ல மெல்ல ஐந்தரை மணியச் சுத்தி ஒதுங்க ஆரம்பிச்சுது. ஆகா மக்களுக்கு ஐந்தரை தான் பிடிச்சிருக்குன்னு நெனச்சேன், அப்புறம் தான் பாத்தா பாட் முதல் பட்டனா ஐந்தரைய காட்டுது, ஜனங்க முதல் பட்டன தொடறாங்க, அத பாத்து பாட் ஐந்தரைக்கு இன்னும் மார்க் போடுது, அதனால மறுபடி அதையே முதல்ல காட்டுது. ஆறு மணிப் பனைமரம் போய் ஐந்தரைப் பனைமரம். அவங்க தேர்ந்தெடுத்ததுல இருந்து கத்துக்கறது ஆபத்து, காட்டினத தானே தேர்ந்தெடுக்க முடியும். இப்ப வேண்டாம்னு சொன்னத மட்டும் எண்ணறேன். "இன்னும் முன்னாடி இருக்கா", "லேட்டா கெடைக்குமா", இந்த மாதிரி பட்டன விட்டுட்டு கைப்பட டைப் பண்ணது எல்லாம் நெஜமான கருத்து, ஏன்னா அதுக்கு அவங்க சிரமப்படணும். அது கொஞ்சமா தான் வரும், அதனால அட்டவணை மாசத்துக்கு ஒரு தடவை தான் மாறும், அதுவும் நான் பாத்து தான் மாத்துவேன்.

பாட்டால இன்னும் முடியாத ஒண்ணு இருக்கு. "நாளைக்கு சாயங்காலம் மாதிரி பாத்துட்டு வர்றேன்". இதுல நாள் இருக்கு, பொழுது இருக்கு, வர்றேன்னும் இருக்கு, கோடுக்கு இது அருமையான புக்கிங். பாட் மடமடன்னு ரெண்டு நேரத்த காட்டி, ஒண்ண தொட்டதும் உறுதி மெசேஜ் அனுப்பிரும். நம்ம ஊர்க்காரனுக்கு மட்டும் தான் தெரியும், இவர் வர மாட்டார்னு. மாதிரியும், பாத்துட்டும் சேந்து வந்தா அது முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்லாம நழுவறது. "அப்புறமா சொல்றேன்", "நாளைக்குப் பாக்கலாம்" எல்லாம் இதே குடும்பம் தான். ஆனா அதே வார்த்தைய சொல்லிட்டு கரெக்டா வந்து நிக்கறவங்களும் உண்டு, அது தான் சிக்கல்.

அக்கா இத எப்படி சமாளிச்சாங்கன்னு அந்தப் பழைய நோட்ட மறுபடி எடுத்துப் பாத்தேன். எல்லாப் பேரும் நீல பேனால இருக்கு, நடுவுல சிலது மட்டும் பென்சில்ல. நான் முதல் தடவை ஷீட்ல ஏத்தும்போது பேனா கெடைக்கலையாக்கும்னு நெனச்சு விட்டுட்டேன். கேட்டா சொல்றாங்க, "அவங்க பாத்துட்டு வர்றவங்க தம்பி. எடத்த வெச்சிருப்பேன், வேற யாராச்சும் கேட்டா அழிச்சுட்டு எழுதிருவேன்."

போன வாரம் டேட்டாபேஸ்ல ஸ்லாட்டுக்கு ஒரு புது நிலை சேத்தேன். காலி, உறுதி, அப்புறம் இது. கோட்ல அதுக்குப் பேரு `pencil`.